கூப்பேயா, கூரை திறக்கும் காரா? கடலூர்–புதுச்சேரிப் பக்கம் ஒரே காராக வைத்துக்கொள்ள எது சரி

இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடு வந்திருக்கிறார்கள். ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர். தினமும் நெய்வேலிக்கு வேலைக்குப் போய் வருகிறார். வீட்டில் மனைவி, ஆறு வயது மகள். பண்ருட்டியில் இருக்கும் அம்மா அடிக்கடி வந்து தங்குவார், அவருக்கு முழங்கால் வலி. இன்னொருவர் புதுச்சேரி லாஸ்பேட்டையில் தனியாக இருக்கிறார். சென்னைக்குப் போக வரத்தான் அவருக்குக் கார் வேண்டும், உள்ளூர் வேலைக்கு ஸ்கூட்டர் போதும். இருவருக்கும் பட்ஜெட் 35 லட்சம். இருவருக்கும் கார் பைத்தியம். இரண்டாம் கையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். இப்போதைய ஸ்விஃப்டைக் கொடுத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதால் வீட்டில் அது ஒன்றுதான் கார்.

இரண்டாவது காராக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. மழைக்காலத்தில் உறை போட்டு மூடிவிட்டு இன்னொன்றில் போகலாம். ஒரே காராக இருந்தால் டிசம்பர் மழையிலும் மே வெயிலிலும் அதுதான் ஓட வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் அதுதான் வர வேண்டும்.

## எதை வைத்து நிறுப்பது

குதிரைத்திறனையும் பூஜ்யத்திலிருந்து நூறு வேகத்துக்கு எத்தனை விநாடி என்பதையும் ஒதுக்கிவிடுகிறேன். கீழே வரும் மூன்றுமே நம் சாலைகளுக்குத் தேவையானதைவிட வேகமானவை. ஒரே கார் என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நம் ஊர் வேகத்தடையை அடி இடிக்காமல் தாண்டுமா? கூரை கடல் காற்றையும் வடகிழக்குப் பருவமழையையும் தாங்குமா? ஆளும் மூட்டையும் எவ்வளவு ஏறும்? காப்பீட்டுக்கு வருடம் எவ்வளவு போகும், அடிபட்டால் கையிலிருந்து எவ்வளவு போகும்? கடைசியாக, கார் ஷெட்டில் நிற்கும் நாட்களில் என்ன செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

## எடுத்துக்கொண்ட மூன்று

முதலாவது, கூரை திறக்காத கூப்பே. உதாரணம் ஆடி டிடி, 2015-இல் இந்தியாவுக்கு வந்த மூன்றாம் தலைமுறை. 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், நான்கு சக்கர இயக்கம். இரண்டு கதவு, பின்னால் பெயருக்கு இரண்டு இருக்கை. டிக்கிக் கதவு பின் கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ளும்.

இரண்டாவது, துணிக்கூரை கன்வெர்ட்டிபிள். உதாரணம் மினி கன்வெர்ட்டிபிள், 2016-இல் வந்த 2.0 லிட்டர் கூப்பர் எஸ். நான்கு பேருக்கு இருக்கை உண்டு. பட்டனை அழுத்தினால் 18 விநாடியில் கூரை மடங்கிவிடும். 30 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே திறக்கலாம்.

மூன்றாவது, உலோகக் கூரையே மடிந்து டிக்கிக்குள் போகும் இரண்டு இருக்கை ரோட்ஸ்டர். உதாரணம் 2009 முதல் 2016 வரை தயாரான பிஎம்டபிள்யூ இசட்4. மெர்சிடிஸ் எஸ்எல்கே-வும் இதே ஜாதி.

## முதலில் வேகத்தடை, மூன்றுக்கும் பொது

இந்த ரகக் கார்களின் தரை இடைவெளி பெரும்பாலும் 11 முதல் 14 சென்டிமீட்டர்தான். அதைப் பார்த்துவிட்டு “நம் ஊருக்கு ஆகாது” என்று ஒரேயடியாகச் சொல்பவர்கள் பாதிதான் சரி.

சாலை அமைப்பு விதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் 99-ஆம் எண் வழிகாட்டி சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டுதான் அது. டிடி, மினி, இசட்4 மூன்றிலுமே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சுமார் இரண்டரை மீட்டர். அப்படிப்பட்ட கார் இந்தத் தடையின் உச்சியில் நிற்கும்போது நான்கு சக்கரங்களுமே மேட்டின் மேல்தான் இருக்கும். நடுவில் மேடு சக்கர மட்டத்தைவிட எவ்வளவு துருத்தும் என்று கணக்குப் போட்டால் 4.6 சென்டிமீட்டர்தான் வரும். 12 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள கார் இதைச் சிரமமில்லாமல் தாண்டும்.

சிக்கல் வழிகாட்டிப்படி போடாத தடையில். தெருக்காரர்களே சிமென்ட் குழைத்துப் போடும் மேடு ஒன்றரை, இரண்டு அடி அகலம்தான் இருக்கும், உயரமோ 12, 15 சென்டிமீட்டர். முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறாத நேரத்தில் முழு உயரமும் வயிற்றுக்கு நேர் கீழே நிற்கும். ஆள் ஏறி ஸ்பிரிங் அமுங்கினால் இன்னும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறையும். அங்கே எவ்வளவு மெதுவாகப் போனாலும் இடிக்கும். ஒரே வழி, தடையைக் கோணலாகத் தாண்டுவது. ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும் ஏறுவதால் உடல் சற்றுத் தூக்கியே இருக்கும். ஆளில்லாத தெருவில் இது எளிது. பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கும்போது எளிதல்ல.

ஆகவே வாங்குமுன் தரை இடைவெளியை இணையத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு அளவுக்கோலை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டிலிருந்து பிரதான சாலை வரையுள்ள தடைகளை அளந்து பாருங்கள். வீட்டு வாசல் சரிவையும் மறக்க வேண்டாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டியவர்களின் போர்ட்டிகோ சரிவு செங்குத்தாக இருக்கும். அதில் இடிப்பது வயிறல்ல, முன் பம்பரின் கீழ் உதடு. அந்த வழியில் குறுகி உயர்ந்த தடை ஒன்று இருந்து, சுற்றிப் போக வேறு வழியும் இல்லையென்றால் மூன்றுமே உங்களுக்கு இல்லை.

ஃபோர்டு மஸ்டாங் பற்றியும் கேட்டிருந்தார்கள். இந்தியாவுக்கென்று சற்று உயர்த்தியே விற்றார்கள். ஆனால் சக்கரங்களுக்கு நடுவே 2.72 மீட்டர், அகலமும் அதிகம், அந்த நிறுவனமும் இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்துவிட்டது. ஒரே காராக அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## கூப்பே: ஆடி டிடி

வெளியே இருந்து பார்த்தால் மூன்றிலும் பொறுப்பில்லாத கார் இதுதான் என்று தோன்றும். உண்மையில் குடும்பத்துக்குச் சற்றேனும் ஒத்துவருவது இதுதான். டிக்கி 305 லிட்டர். பின் இருக்கையை மடித்தால் 712 லிட்டர். பின்கதவு முழுசாகத் தூக்கிக்கொள்வதால் வாய் பெரிது. கல்யாணத்துக்கு இரண்டு சூட்கேஸ், ஒரு பாத்திர மூட்டை என்று அடைக்கலாம். மடிந்து வரும் கூரைக்கு இடம் விட வேண்டிய அவசியமில்லை.

பின் இருக்கை பெரியவர்களுக்கில்லை. உட்கார்ந்தால் தலை கண்ணாடியில் முட்டும், டிக்கியை மூடும்போது பின்னால் இருப்பவர் தலையைப் பார்த்துத்தான் மூட வேண்டும். ஆறு வயதுப் பெண்ணுக்குப் போதும், பத்து வயது வரை சமாளிக்கலாம். அதன்பின் கேள்விக்குறிதான்.

பலர் கவனிக்காத தொல்லை கதவு. இரண்டு கதவுக் காரில் ஒவ்வொரு கதவும் நீளம். துணிக்கடை வாசலிலோ மண்டப வாகன நிறுத்தத்திலோ பக்கத்தில் ஒட்டி ஒரு கார் நின்றால் பாதிதான் திறக்கும், அந்த இடுக்கில் உடம்பை வளைத்து இறங்க வேண்டும். இருக்கையும் தாழ்வு. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறிவிடுவார்கள், இறங்கத்தான் ஒருவர் கைகொடுக்க வேண்டும்.

கூரையில் துணி இல்லை, மோட்டார் இல்லை, ஒழுகும் மூட்டு இல்லை. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவருக்கு அந்த ஒன்றே பெரிய நிம்மதி. டிடி தயாரிப்பு 2023-இல் நின்றுவிட்டது. ஆனாலும் இன்ஜினும் கியர்பாக்ஸும் அதே குழுமத்தின் மற்ற கார்களிலும் உள்ள குடும்பம் என்பதால் சென்னையில் கைவைக்கத் தெரிந்த ஆள் கிடைப்பார். கண்ணாடி, விளக்கு, பம்பர் போன்ற உடல் பாகங்களுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

## துணிக்கூரை: மினி கன்வெர்ட்டிபிள்

ஆசைக்கு முதலிடம் இதற்குத்தான். மரக்காணம் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே காலை ஆறரை மணிக்குக் கூரையைத் திறந்து போவதை வேறு எந்தக் காரும் தராது. ஆனால் நம் கடற்கரையில் அந்தச் சுகத்துக்கு ஒரு பருவம் உண்டு. மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, அதுவும் விடிகாலையும் அந்தியும். மற்ற மாதங்களில் வெயில் மண்டையைப் பிளக்கும், இல்லாவிட்டால் மழை. நகருக்குள் திறந்தால் லாரிப் புகை நேரே மூக்குக்கு வரும். இன்னொன்று: புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை மாலை ஆறு மணிக்கே வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள், மறுநாள் காலைதான் திறக்கிறார்கள். கூரையைத் திறந்து அந்தியில் அங்கே உலா போகும் கற்பனை இருந்தால் இப்போதே கைவிட்டுவிடலாம்.

டிக்கி, கூரை மூடியிருந்தால் 215 லிட்டர், திறந்தால் 160. மீனம்பாக்கத்துக்கு ஆளைக் கொண்டுவிடப் போனால் கூரையை மூடித்தான் போக வேண்டும், பெரிய பெட்டி பின் இருக்கையில் உட்காரும். பின்னால் குழந்தைகளோ ஒடிசலான பெரியவர்களோ உட்காரலாம். இந்த மூன்றில் மூன்றாவது பெரியவரை மனிதராக நடத்துவது இது ஒன்றுதான்.

துணிக்கூரைக்கு எதிரி மழையல்ல. வெயில், தூசி, காக்கை எச்சம், பிறகு பூனை. இதமான துணி மேடையைக் கண்டால் தெருப்பூனை விடாது. போர்ட்டிகோ இல்லாமல் வேப்பமரத்தடியில் நிறுத்துபவருக்கு இந்தக் கார் வேண்டவே வேண்டாம்.

ஒழுகல் என்றால் துணி கிழிந்துதான் ஒழுகும் என்று நினைக்கிறார்கள். அநேகமாக அப்படி நடப்பதில்லை. கூரை விளிம்பில் வழியும் தண்ணீரைப் பிடித்துக் கீழே விட மெல்லிய வடிகுழாய்கள் உண்டு. வேப்பிலையும் தூசியும் சேர்ந்து அதை அடைத்தால் தண்ணீர் வழி தெரியாமல் உள்ளே இறங்கும். தரைவிரிப்புக்கு அடியில் உள்ள பஞ்சு அதைக் குடித்துவிட்டு வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அங்கேதான் ஒயர் இணைப்புகள் ஓடுகின்றன. பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒரு விளக்கு எரியும், பேட்டரி இறங்கும்.

வாங்கப் போகும்போது கண்டுபிடிக்க மூன்று சோதனை போதும். தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை விரலால் அழுத்துங்கள், ஈரம் ஒட்டக் கூடாது. அதிகாலையில் போய்ப் பாருங்கள், கண்ணாடி உள்பக்கம் பனித்திருந்தால் உள்ளே எங்கோ தண்ணீர் இருக்கிறது. கூரையைப் பாதி திறந்து, ஓரத்து வடிகாலில் ஒரு பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், அது காருக்கு அடியில் சக்கரத்தருகே வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், வேறு காரைப் பாருங்கள்.

## மடியும் உலோகக் கூரை: இசட்4, எஸ்எல்கே

கேட்கும்போது இரண்டு உலகத்தின் நன்மையும் கிடைப்பதுபோல் இருக்கும். மூடினால் கூப்பே, திறந்தால் ரோட்ஸ்டர். பூனையும் கீற முடியாது. மூடியிருக்கும்போது இசட்4 டிக்கி 310 லிட்டர், டிடியைவிடக்கூட ஒரு பிடி அதிகம். திறந்தால் 180.

விலை வேறு இடத்தில் கேட்கும். இருக்கை இரண்டே இரண்டு. மனைவி, மகள், தான் என்று மூன்று பேர் கிளம்ப வழியே இல்லை. நீரழுத்த பம்ப், பல மூட்டுகள், ஒவ்வொரு கட்டமும் முடிந்ததா என்று சொல்லும் உணரிகள் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கூரை மடிகிறது. ஒரு உணரி தவறினாலும் கூரை பாதியில் நின்றுவிடும். பாதி திறந்த கூரையோடு காரை ஓட்டவும் முடியாது, பூட்டவும் முடியாது. அது ஐப்பசி மாதமாக இருந்தால் யோசித்துப் பாருங்கள். இந்த கார்களுக்கு இப்போது வயது பத்தைத் தாண்டியாகிவிட்டது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

பார்க்கப் போனால் இன்ஜினை ஓடவிட்டு, கூரையைத் தொடர்ந்து மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். பம்ப் சத்தம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இடதும் வலதும் ஒன்றாக நகர வேண்டும். டிக்கி உள்துணியில் எண்ணெய்க் கறை இருக்கக் கூடாது. விற்பவர் “பேட்டரி வீக், அதனால இப்ப வேணாம் சார்” என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

## காப்பீடு

வெளிநாட்டுக் கார் பத்திரிகைகளைப் படித்துவிட்டு, ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே பிரீமியம் தலைக்குமேல் போகும், இளவயதுக்காரருக்கு இன்னும் கூடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. இங்கே கணக்கு வேறு. மூன்றாம் நபர் காப்பீடு இன்ஜின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1500 சிசிக்கு மேற்பட்ட தனியார் கார் எதுவானாலும் வருடத்துக்கு 7,897 ரூபாய். பக்கத்து வீட்டு இன்னோவாவுக்கும் உங்கள் இசட்4-க்கும் ஒரே தொகைதான். கதவு இரண்டா நான்கா, கூரை துணியா தகரமா என்பது அதில் கணக்கே இல்லை.

வித்தியாசம் வருவது சொந்தச் சேதப் பகுதியில். அது ஐடிவி என்ற காப்பீட்டு மதிப்பைப் பொறுத்தது. பழைய கட்டண அட்டவணையில் சென்னை போன்ற பெருநகரங்கள் ஒரு மண்டலம், கடலூரும் புதுச்சேரியும் சற்று மலிவான அடுத்த மண்டலம். ஐந்து வயதைத் தாண்டிய பெரிய இன்ஜின் காருக்கு அங்கே ஐடிவியில் சுமார் மூன்றரை சதவீதம். நிறுவனங்கள் அதிலிருந்து தங்கள் இஷ்டப்படி தள்ளுபடி தருகின்றன. ஐடிவி 30 லட்சம் என்று வைப்போம். மூன்றரை சதவீதம் 1,05,000. பாதி தள்ளுபடி கிடைத்தால் 52,500. மூன்றாம் நபர் தொகையைச் சேர்த்து, 18 சதவீத ஜிஎஸ்டியும் போட்டால் சுமார் 71,300 ரூபாய்.

இங்கேதான் ஸ்விஃப்ட் உதவிக்கு வருகிறது. கிளைம் எடுக்காததற்கான தள்ளுபடி, அதாவது என்சிபி, காருக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். ஸ்விஃப்டில் ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் 50 சதவீதம் சேர்த்திருந்தால், விற்கும்போது நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழ் வாங்கிப் புதுப் பாலிசிக்கு மாற்றலாம். மேற்படி கணக்கு உடனே சுமார் 40,300-க்கு இறங்கிவிடும். மூன்று வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அதே காரணத்தால் விற்பவரின் என்சிபி உங்களுக்கு வராது. பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் சொந்தச் சேதக் கிளைம் நிற்காது.

பிரீமியத்தைவிட அதிகம் கடிப்பது கிளைமில் கைவிட்டுப் போகும் பணம். ஏழு வயதுக் கார், தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் இல்லை, கெடிலம் பாலத்தருகே முன்னால் மோதியது என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பம்பர் 1,20,000. ஒரு முகப்பு விளக்கு 2,00,000. பானெட் 1,00,000. கூலி 40,000. மொத்தம் 4,60,000. பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு எப்போதும் பாதிதான் தருவார்கள். விளக்கையும் பிளாஸ்டிக் என்றே சர்வேயர் எழுதினால் பம்பருக்கு 60,000, விளக்குக்கு 1,00,000. ஏழு வயதில் உலோகத்துக்கு 40 சதவீதம் தேய்மானம், ஆகவே பானெட்டுக்கு 60,000. கூலி முழுசாக. கட்டாயக் கழிவு 2,000 போக நிறுவனம் தருவது 2,58,000. மீதி 2,02,000 உங்களுடையது. ஸ்விஃப்டிலும் இதே சதவீதம்தான் வெட்டுவார்கள். பாகத்தின் விலைதான் பல மடங்கு.

ஜீரோ டெப் சேர்த்தால் இந்த வெட்டு போகும். ஆனால் ஐந்து வயதைத் தாண்டிய காருக்கு அதைத் தரப் பல நிறுவனங்கள் தயங்கும். விசாரிக்கும்போதே முதலில் அதைத்தான் கேளுங்கள், தரும் நிறுவனம் ஐயாயிரம் அதிகம் கேட்டாலும் அங்கேயே போங்கள்.

துணிக்கூரை எந்தப் பட்டியலில் வரும் என்பதையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். நைலான் என்று சொல்லிப் பாதியை வெட்ட வழி இருக்கிறது. வெயிலில் நைந்தது, வடிகால் அடைத்து ஒழுகியது ஆகியவை விபத்தல்ல, தேய்மானம். அதற்கு எந்தப் பாலிசியும் தராது.

பிரீமியம் குறையட்டும் என்று ஐடிவியைத் தாழ்த்தி வாங்குவதும் ஆபத்து. பழுது செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று முடித்துவிடுவார்கள். இறக்குமதிப் பாகங்களின் விலையில் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். 30 லட்சத்துக் காரை 20 லட்சத்துக்குப் போட்டிருந்தால் 15 லட்சம் பில்லில் கார் போய்விடும், கைக்கு 20 லட்சம்தான் வரும்.

இந்த ஊர்க்காரர்கள் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீட்டையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர்ப் பக்கம் கார்கள் நின்ற நிலை நினைவிருக்கும். வெள்ளச் சேதத்துக்குச் சாதாரண பாலிசியே பணம் தரும். ஆனால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, நீர் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு உடைந்தால் அது உங்கள் செயலின் விளைவு என்று தள்ளிவிடுவார்கள். தாழ்ந்த காரில் இருக்கை, ஒயர், பெட்டிகள் எல்லாமே தாழ்வு. முழங்கால் அளவு தண்ணீரே போதும்.

## ஷெட்டில் நிற்கும் நாட்கள்

இந்த ரகக் கார்களுக்கு உருப்படியான பணிமனை என்றால் சென்னைதான், புதுச்சேரியிலிருந்து 150 கிலோமீட்டர். ஓடாவிட்டால் சமதள ரீகவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கயிறு கட்டி இழுத்தால் நான்கு சக்கர இயக்கம் உள்ள டிடியின் கியர்பாக்ஸ் கெடும்.

டயரும் இதே கதைதான். இவற்றில் பலவற்றுக்கு ஸ்டெப்னியே கிடையாது. மினியில் வருவது காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர், பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம். குறிஞ்சிப்பாடியில் பஞ்சரானால் வீடு வந்து சேரலாம். மறுநாள் அந்த அளவு டயர் கடலூர்க் கடைகளில் இருக்காது, சென்னையிலிருந்து வர ஒன்றிரண்டு நாள். பக்கவாட்டில் வெட்டுப்பட்டால் ஒட்டவும் முடியாது. ஒரு டயரை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைப்பதுதான் நான் சொல்லும் வழி. அந்தச் செலவையும் காரின் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

## பதிவு பற்றி ஒரு சொல்

தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள்வரி 20 சதவீதம். வெளி மாநிலப் பழைய காரைக் கொண்டுவந்தாலும் வயதுக்கேற்ற வரி உண்டு, என்ஓசியும் வேண்டும். புதுச்சேரியில் குறைவு என்பதால் கடலூர்க்காரருக்கு முள்ளோடைக்கு அந்தப்பக்கம் உறவினர் முகவரியைக் கொடுக்கும் ஆசை வரும். மோட்டார் வாகனச் சட்டம் 40-ஆம் பிரிவு, நீங்கள் குடியிருக்கும் அல்லது கார் வழக்கமாக நிற்கும் இடத்தில்தான் பதிவு என்கிறது. 47-ஆம் பிரிவுப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு வேண்டும். கண்ணைப் பறிக்கும் கார் தினமும் அதே நெய்வேலிச் சாலையில் ஓடினால் ஆர்டிஓ கண்ணில் படாமல் இருக்காது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கூப்பே (டிடி) | துணிக்கூரை (மினி) | மடியும் உலோகக் கூரை (இசட்4) |
|---|---|---|---|
| உண்மையில் ஏறும் ஆள் | இருவர், ஒரு சிறுவர் | இருவர், இரு சிறுவர். சிறுதூரம் நால்வர் | இருவர் |
| டிக்கி (லிட்டர்) | 305. இருக்கை மடித்தால் 712 | 215. திறந்தால் 160 | 310. திறந்தால் 180 |
| குறுகி உயர்ந்த தடை | கஷ்டம் | கஷ்டம் | கஷ்டம் |
| வெட்டவெளியில் நிறுத்த | பரவாயில்லை | கூடாது | சமாளிக்கலாம் |
| கூரையால் வரும் செலவு | இல்லை | வடிகால், துணி | பம்ப், உணரி, மூட்டு |
| காப்பீட்டில் கவனிக்க | ஜீரோ டெப் | கூரைக்கு எழுத்துப்பூர்வ பதில் | வயதால் ஜீரோ டெப் அரிது |
| ஏற்றவர் | சின்னக் குழந்தை உள்ளவர் | மூடிய நிறுத்தம் உள்ள இளம் தம்பதி | இன்னொரு கார் வைத்திருப்பவர் |

## இருவருக்கும் என்ன சொன்னேன்

லாஸ்பேட்டைக்காரருக்கு மினி. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கூரையுள்ள நிறுத்தம் இருக்கிறது, அது வெள்ளத்தில் மூழ்குவதில்லை என்று காவலாளியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். கார் நான்கு நாள் சென்னையில் நின்றால் ஸ்கூட்டரும் பஸ்ஸும் போதும். அவர் இசட்4 பக்கம்தான் சாய்ந்தார், ஆறு சிலிண்டர் இன்ஜினின் சத்தத்துக்காக. அந்தச் சத்தத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் பத்து வயதுக் கூரையை நம்பி இறங்க அவரிடம் இரண்டாவது கார் இல்லை.

மஞ்சக்குப்பத்துக்காரருக்கு மூன்றில் ஒன்று என்றால் டிடிதான். ஆனால் அவரிடம் நேராகக் கேட்டேன், அம்மா காரில் எத்தனை முறை ஏறுவார் என்று. வாரம் ஒரு முறையாவது ஜிப்மருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார். அப்படியென்றால் டிடியும் வேண்டாம், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்-ஐப் பாருங்கள் என்றேன். 2017-இல் வந்தது, டிடியைப் போலவே 2.0 லிட்டர் டர்போ, 230 குதிரைத்திறன். நான்கு கதவும், டிடியைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு டிக்கியும் இருக்கிறது. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய், டிடியில் ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். போகும்போது பின்சீட்டில் வைக்கும் மகளின் பூஸ்டர் இருக்கையையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அது டிடியின் பின் இருக்கைக் குழிவில் சமமாக உட்காராவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது.